டைட்டிலில் நடுவே வரும் பெயர்கள்

(சத்தியமங்கலத்தில் திரைப்பட ஆர்வலர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சத்தியமங்கலத்தில் நின்று சினிமா பேசுவதென்றால் தெங்குமரஹாடாவிலிருந்து தொடங்குவதே முறை. பவானிசாகரிலிருந்து காட்டு வழியாகப் போய் மாயாற்றைக் கடந்தால் வரும் அந்த ஊரில்தான் 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி' படமாக்கப்பட்டது. அது யாருடைய படம் என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சிவகுமார் படம், சுஜாதா படம், இளையராஜாவுக்கு முதல் படம் என்று பதில் வரும். சூலூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் சிவகுமார் பெயரைக் கொஞ்சம் உரிமையோடும் சொல்வார்கள். இயக்கியது யார் என்றால் சற்று யோசித்த பிறகே தேவராஜ்–மோகன் என்ற இரட்டையர் பெயர் நினைவுக்கு வரும். கதை எழுதியவர் யார் என்று கேட்டால் அநேகமாக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எழுதியவர் ஆர். செல்வராஜ். அந்தப் பெயரைத் தெரிந்துகொள்வதால் ஒரு ரசிகனுக்கு என்ன லாபம் என்பதுதான் இன்றைய பேச்சு. லாபம் என்று நான் சொல்வது பொது அறிவை அல்ல. ஒரு படம் மனத்துக்குப் பிடித்துப்போகிறது. அதுபோல இன்னொன்று வேண்டும். அதை எங்கே தேடுவது? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க வேண்டும்.

நம் வழக்கத்தில் இதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு. நடிகரைப் பிடித்துக்கொண்டு போவது ஒன்று, இயக்குநரைப் பிடித்துக்கொண்டு போவது இன்னொன்று. நடிகர் வழியில் போனால் அகப்படுவது அந்த முகம் மட்டும்தான். 'அன்னக்கிளி'யில் நம்மைப் பிடித்தது சிவகுமாரின் முகம் என்றால் அந்த வழி சரியானதே. ஆனால் அந்தப் படத்தை நினைத்தவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாமலே ஒருவனுக்காகத் தன்னை அழித்துக்கொள்ளும் ஒரு கிராமத்துப் பெண். அதை எந்த நடிகரின் அடுத்த படமும் தரும் என்று உறுதி கிடையாது. இயக்குநர் வழி இதைவிடப் பரவாயில்லை. தேவராஜ்–மோகனைத் தொடர்ந்தால் 1979இல் வந்த 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி' கிடைக்கும். நல்ல படம், தேடிப் பார்க்க வேண்டிய படம். ஆனால் அந்த வழியில் வெகுதூரம் போக முடியாது. அவர்கள் எடுத்த படங்களின் எண்ணிக்கை அவ்வளவுதான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் முக்கியமானது. படத்தில் உங்களைப் பிடித்த அம்சம் இயக்குநரிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கதை எழுதியவரின் வழியில் போய்ப் பார்ப்போம். ஆர். செல்வராஜின் கதையில் 1978இல் 'கிழக்கே போகும் ரயில்' வந்தது, அடுத்த ஆண்டு 'புதிய வார்ப்புகள்' வந்தது. இரண்டையும் இயக்கியவர் பாரதிராஜா. அதே 1979இல் செல்வராஜே இயக்கிய 'பொண்ணு ஊருக்குப் புதுசு' வந்தது. 1985இல் 'முதல் மரியாதை'. இவற்றை 'அன்னக்கிளி'யோடு வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். எல்லாவற்றிலும் வெளியூரிலிருந்து ஒருவர் ஓர் ஊருக்குள் வருகிறார். 'அன்னக்கிளி'யில் பள்ளிக்கூட வாத்தியார். 'புதிய வார்ப்புக'ளிலும் வாத்தியார்தான். 'கிழக்கே போகும் ரயி'லில் அக்கா வீட்டுக்கு ரயிலேறி வந்து இறங்கும் பாஞ்சாலி. 'முதல் மரியாதை'யில் பிழைப்புத் தேடித் தகப்பனோடு வந்து பரிசல் ஓட்டும் குயில். வந்தவருக்கும் ஊரில் இருக்கும் ஒருவருக்கும் ஓர் உறவு முளைக்கிறது. அதை ஊர் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சம்பந்தப்பட்ட இருவரும் பேசத் தயங்குவதை ஊர் முந்திக்கொண்டு பேசிவிடுகிறது. துக்கம் வில்லனால் வருவதைவிட இந்தப் பார்வையால்தான் அதிகமாக வருகிறது. கறுப்பு வெள்ளையில் வேறு இருவர் இயக்கிய படத்திலும், ஒன்பதாண்டு கழித்து வண்ணத்தில் பாரதிராஜா எடுத்த படத்திலும் இது மாறாமல் இருக்கிறது என்றால் அதன் ஊற்று எங்கே என்று ஊகிக்கலாம். நம்மில் பலர் இதைப் 'பாரதிராஜா கிராமம்' என்று ஒரே பெயரில் அழைத்துப் பழகிவிட்டோம். அந்தக் கிராமத்துக்கு நிலமும் வெயிலும் முகங்களும் தந்தவர் பாரதிராஜா என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே நடப்பவற்றில் ஒரு பங்கு அவர் வருவதற்கு முன்பே, 'அன்னக்கிளி'யிலேயே நடந்துவிட்டது.

இதே செல்வராஜின் பெயர் 2000இல் மணிரத்னத்தின் 'அலைபாயுதே'யிலும் கதைக்காக வருகிறது. கேட்டவுடன் ஆச்சரியமாகத்தான் இருக்கும். சென்னை நகரம், மின்சார ரயில், மருத்துவம் படிக்கும் பெண். கிராமத்தின் வாடையே கிடையாது. ஆனால் இருவர் ரகசியமாகத் தாலி கட்டிக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல அவரவர் வீட்டுக்குத் திரும்பி அங்குள்ளவர்களின் கண்ணுக்கு முன்னால் நடமாடும் அந்தப் பகுதியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். ஊர் இருந்த இடத்தில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. இதை நான் நிரூபணமாகச் சொல்லவில்லை. அந்தப் படத்தின் பெரும்பகுதி மணிரத்னத்தின் சுபாவத்தில் இருப்பதே. 'முதல் மரியாதை' பிடித்த ஒருவர் 'அலைபாயுதே'யை வேறொரு கண்ணோடு பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது, அவ்வளவே.

இந்த இடத்தில் நம் டைட்டில் வழக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். தமிழ்ப் படத்தில் 'கதை', 'திரைக்கதை', 'வசனம்' என்று மூன்று தனி வேலைகளுக்கு மூன்று தனிப் பெயர்கள் வரலாம். 'அன்னக்கிளி'யில் கதை செல்வராஜ். திரைக்கதையும் வசனமும் பஞ்சு அருணாசலம். பாடல்களை எழுதியவரும், இளையராஜாவைக் கூட்டிவந்தவரும் அவரே. உங்களைத் தொட்டது அந்தப் பெண்ணின் தியாகம் என்றால் கதைக்காரரைத் தேட வேண்டும். காட்சிகள் அலுப்புத் தட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்த விதம் பிடித்தது என்றால் திரைக்கதைக்காரரைத் தேட வேண்டும். இந்த இரண்டாவது வழியில் போகிறவருக்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பஞ்சு அருணாசலம் எழுதி எஸ்.பி. முத்துராமன் இயக்கியவற்றில் 'ஆறிலிருந்து அறுபது வரை'யும் உண்டு, 'சகலகலா வல்லவ'னும் உண்டு. எழுத்தாளர் ஒருவர், இயக்குநர் ஒருவர், இடைவெளி மூன்றே ஆண்டு. ஆனால் முன்னதை ரசித்தவர் பின்னதைத் தேடிப் போனால் ஏமாந்து திரும்புவார். தயாரிப்பாளரின் தேவைக்கும் நட்சத்திரத்தின் அளவுக்கும் ஏற்ப எழுதித் தரத் தெரிந்த தொழில்காரர்கள் இவர்கள். அவர்களுடைய பெயர் திறமைக்கு உத்தரவாதம் தரும், ருசிக்குத் தராது. அப்படிப்பட்ட பெயரோடு இன்னொரு பெயரையோ ஒரு காலகட்டத்தையோ சேர்த்துக்கொண்டால்தான் வழி பிடிபடும்.

சினிமா இயக்குநரின் ஊடகம், கப்பலுக்குத் தலைவன் ஒருவன்தான், மற்றவர்கள் எல்லாம் அவன் சொன்னதைச் செய்கிறவர்கள் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. கனமான ஆட்சேபம்தான். சத்யஜித் ராயைப் போலக் கதை, இசை, கேமரா எல்லாவற்றிலும் தன் கையை வைத்துக்கொண்ட இயக்குநருக்கு இது முழுக்கப் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துமா என்பதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே எழுத்தாளர், வெவ்வேறு இயக்குநர்கள் என்று அமைந்த படங்களை எடுத்துப் பார்ப்பது. நம் பொள்ளாச்சிப் பக்கத்தில் எடுத்த 'தேவர் மகன்' 1992இல் வந்தது. இயக்கியவர் மலையாளத்தின் பரதன். 'மகாநதி' 1994இல் வந்தது, இயக்கியவர் சந்தானபாரதி. 'அன்பே சிவம்' 2003இல்; இயக்கியவர் சுந்தர் சி. மூன்றுக்கும் கதை கமல்ஹாசன். வன்முறைக்குள் இழுத்துவரப்படும் ஒரு மனிதன், அதற்கு அவன் உடம்பாலோ உறவாலோ கொடுக்கும் விலை, கடைசியில் வெற்றி என்று கொண்டாட முடியாத ஒரு முடிவு — மூன்றிலும் இது இருக்கிறது. 'அன்பே சிவ'த்தைப் பார்த்து மனம் கசிந்தவர் இயக்குநர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் 'உள்ளத்தை அள்ளித்தா'வில் போய் நிற்பார். அது சிரிக்கச் சிரிக்க எடுத்த படம், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவர் தேடி வந்தது அதுவல்ல.

மூன்றிலும் கமல்தானே நடித்தார், நடிகர் வழியே போனாலும் இந்த மூன்றும் கிடைத்திருக்குமே என்று கேட்கலாம். கிடைத்திருக்கும். கூடவே 'சகலகலா வல்லவன்' தொடங்கி இன்னும் இருநூற்றுச் சொச்சம் படங்களும் கிடைத்திருக்கும். அந்தக் குவியலில் எவை உங்களுக்கு என்று பிரித்துக் காட்டுவது அதே மனிதரின் இன்னொரு பெயர், அதாவது 'கதை' என்ற வரியில் வரும் பெயர். நடிகர் கமலையும் எழுத்தாளர் கமலையும் இரண்டு ஆட்களாக நினைத்துக்கொள்வது ரசிகனுக்கு மிகவும் சௌகரியமான ஏற்பாடு.

நகைச்சுவைக்கு வந்தால் இந்தச் சோதனை இன்னும் துல்லியமாக நடக்கிறது. 1995இல் வந்த 'சதி லீலாவதி' நம் கொங்குத் தமிழைக் கமல்ஹாசனும் கோவை சரளாவும் வாயாரப் பேசிய படம். இயக்கம், ஒளிப்பதிவு இரண்டும் பாலு மகேந்திரா. இயக்குநர் பெயர் மட்டுமே வழிகாட்டி என்று நம்பி இதிலிருந்து கிளம்புகிறவர் 1988இல் வந்த அவருடைய 'வீடு' படத்தைப் போய்ப் பார்ப்பார். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாட்டைச் சொல்லும் படம், பாட்டே கிடையாது. மிகப் பெரிய படம். ஆனால் 'சதி லீலாவதி'யின் சிரிப்பைத் தேடி வந்தவருக்கு அது எந்த வகையிலும் பதிலாகாது. சிரிப்பு வந்த இடம் வசனம். வசனம் கிரேஸி மோகன். ஒருவர் ஒரு சொல்லை ஓர் அர்த்தத்தில் சொல்ல, மற்றவர் அதை வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் அந்தத் தப்பையே உண்மையாக எடுத்துக்கொண்டு காரியத்தில் இறங்க, சிக்கல் வளர்ந்துகொண்டே போகும். நாடக மேடையில் பழகிய கை அது. சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும் என்பதால் இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் பாதி காதில் விழும். அதை வேறு படங்களில் தேடினால் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'மைக்கேல் மதன காமராஜன்', கே.எஸ். ரவிகுமார் இயக்கிய 'பஞ்சதந்திரம்' என்று இயக்குநர்கள் மாறிக்கொண்டே போக, அந்தச் சங்கிலி மட்டும் அறாமல் வரும். கமல் கதாநாயகனாக இல்லாத 'மகளிர் மட்டு'மில் ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவருக்கும் நடுவே அதே சங்கிலி ஓடுகிறது. நடிகரையும் நீக்கியாயிற்று, இயக்குநரையும் மாற்றியாயிற்று, குணம் தங்கியிருக்கிறது. அப்படித் தங்கியிருந்தால் சரியான பெயரைப் பிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம். தங்கவில்லை என்றால் அந்தப் பெயரை விட்டுவிட்டு அடுத்ததைச் சோதிக்க வேண்டியதுதான்.

ஒளிப்பதிவாளருக்கு வருவோம். இங்கே ரசிகன் முதலில் தடுமாறுவது எதைப் பார்ப்பது என்பதில். 'கேமரா நல்லா இருக்கு' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் இடம் அழகாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். மலையும் அருவியும் யார் எடுத்தாலும் அழகுதான். பார்க்க வேண்டியது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, முகத்தில் நிழல் விட்டிருக்கிறார்களா அல்லது எல்லாப் பக்கமும் விளக்குப் போட்டு நிழலே இல்லாமல் துடைத்திருக்கிறார்களா, ஆள் பேசும்போது அவரைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பவற்றைத்தான். பி.எஸ். நிவாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் '16 வயதினிலே', அடுத்த ஆண்டில் 'கிழக்கே போகும் ரயில்', 'சிகப்பு ரோஜாக்கள்'. முதல் படத்தின் சில பகுதிகள் திம்பம் ஏறிப் போனால் எட்டிவிடக்கூடிய கொள்ளேகால் பக்கத்தில் எடுக்கப்பட்டவை என்பதை நம் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லிவைக்கிறேன். வெட்டவெளி வெயிலில் வியர்த்த முகத்தை வியர்த்த முகமாகவே காட்டிய அதே கை, 'சிகப்பு ரோஜாக்க'ளில் நகரத்துப் பங்களாவின் இருட்டுக்குள் போகிறது. கிராமத்தை எடுத்தவர் என்று அவரை முத்திரை குத்தியிருந்தால் இந்தப் படம் கைநழுவியிருக்கும். முன்னால் போய்த் தேடினால், 1976இல் ஸ்ரீகுமாரன் தம்பி இயக்கிய 'மோகினியாட்டம்' என்ற மலையாளப் படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர் அவர் என்று தெரியும். பின்னால் போனால் 1983இல் கே. விஸ்வநாத் தெலுங்கில் எடுத்த 'சாகர சங்கமம்', அதாவது நமக்குச் 'சலங்கை ஒலி', வந்து நிற்கும். '16 வயதினிலே'யிலிருந்து 'சலங்கை ஒலி'க்கு நடிகர் வழியே போனால் கமல் படங்களின் நெரிசலைத் தாண்டி வர வேண்டும்; நிவாஸ் வழியே போனால் சில எட்டுகள்தான். மலையாளத்திலும் தெலுங்கிலும் கதவு திறந்துவிடுவது ஒளிப்பதிவாளர் வழியின் தனிச் சிறப்பு. எழுத்தாளர் மொழியைத் தாண்டுவது கடினம். கேமராக்காரருக்கு அந்தச் சங்கடம் இல்லை.

ஆனால் இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒளிப்பதிவாளர் உங்களுக்கு உத்தரவாதமாகத் தருவது பார்வையை மட்டுமே. கதை சொத்தையாக இருந்தால் அவரால் அதைக் காப்பாற்ற முடியாது. சொத்தையை அழகாகக் காட்டுவார். கதைக்காகப் படம் பார்க்கிறவர் இந்த வழியை மட்டும் நம்பினால் இரண்டாவது படத்திலேயே அலுத்துவிடுவார்.

இசையமைப்பாளர் விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. இளையராஜா ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர். ஆயிரம் படங்களைச் சுட்டும் பெயர் எதையுமே சுட்டவில்லை என்றுதான் அர்த்தம். போதாக்குறைக்கு, நம் பாட்டுகள் படத்தை விட்டுக் கழன்று தனியாக வாழக்கூடியவை. வானொலியில் கேட்டு, கேசட்டில் கேட்டு, பஸ்ஸில் கேட்டு மனப்பாடமான பாட்டின் படத்தைத் தேடிப் போய் ஏமாந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. நல்ல பாட்டு நல்ல படத்துக்குச் சாட்சி அல்ல. எனவே காதைப் பாட்டிலிருந்து எடுத்து, பாட்டில்லாத இடங்களில் வைக்க வேண்டும். ஒருவர் நடந்து போகும்போது, கடிதத்தைப் பிரிக்கும்போது, இருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் என்ன கேட்கிறது. எங்கே இசை நின்றுவிடுகிறது? அப்படிக் கேட்கத் தொடங்கியவருக்கு முன்பே சொன்ன 'வீடு' வேறு விதமாக உதவும். 1986இல் இளையராஜா தனியாக வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்துதான் பாலு மகேந்திரா அந்தப் படத்தின் பின்னணி இசையை எடுத்துக்கொண்டார். பாட்டே இல்லாத படத்தில் அந்த வயலின்கள் எங்கே நுழைகின்றன, எவ்வளவு சீக்கிரம் விலகிக்கொள்கின்றன என்பதைக் கவனித்தால் பின்னணி இசை எதற்காக என்பது விளங்கிவிடும்.

இன்னொரு உபாயம், இசையமைப்பாளர் பெயரைத் தனியே பயன்படுத்தாமல் வேறொரு பெயரோடு சேர்த்துப் பயன்படுத்துவது. இளையராஜாவும் நிவாஸும் என்று தேடினால் ஆயிரம் படங்கள் ஒரு கைக்குள் அடங்கிவிடுகின்றன. '16 வயதினிலே'யும் 'சலங்கை ஒலி'யும் அந்தக் கைக்குள்தான் இருக்கின்றன. இளையராஜாவும் பாலு மகேந்திராவும் என்று தேடினால் 'மூடுபனி', 'மூன்றாம் பிறை' வரும். மலையாளத்தில் 1982இல் வந்த 'ஓளங்கள்' வரும். இரண்டு பேர் திரும்பத் திரும்பச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்றால் ஒருவருடைய வேலை மற்றவருக்கு இடம் விட்டிருக்கிறது என்று பொருள். ரசிகனுக்கு இதைவிட நம்பகமான அடையாளம் அதிகம் கிடையாது என்பது என் எண்ணம்.

இனி இதற்கெல்லாம் அடியிலேயே கை வைக்கும் ஓர் ஆட்சேபம். டைட்டிலில் போடுவது உண்மைதானா? எழுதியவர் ஒருவர், பெயர் போட்டுக்கொள்பவர் ஒருவர் என்பது நம் சினிமாவில் ரகசியமே அல்லவே? இதற்கு உதாரணம் தேடி நாம் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் நிறுவனம் எடுத்த 'ராஜகுமாரி' 1947இல் வந்தது. வசனத்தில் பெரும் உழைப்பு இளைஞர் மு. கருணாநிதியுடையது, டைட்டிலில் அவருக்குக் கிடைத்தது உதவியாளர் என்ற இடம். அடுத்த ஆண்டு வந்த 'அபிமன்யு'வில் அந்த இடமும் இல்லை, பெயரே இல்லை. அவர் மனம் நொந்து கோவையை விட்டுக் கிளம்பினார். பிறகு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி', 1952இல் 'பராசக்தி' என்று வந்தபோது நிலைமை தலைகீழானது. வசனகர்த்தாவின் பெயருக்காகவே கொட்டகைக்குக் கூட்டம் வந்தது, படத்தின் வசனம் புத்தகமாக விற்றது. எழுத்தாளரைத் தொடர்ந்து போய்ப் படம் பார்ப்பது தமிழனுக்குப் புது வழக்கமில்லை என்பதற்கும், டைட்டிலை அப்படியே நம்ப முடியாது என்பதற்கும் ஒரே மனிதரின் சில ஆண்டுகள் சாட்சி. இந்தத் தகராறு இன்னும் ஓயவில்லை. 2018இல் 'சர்கார்' வெளிவரும் முன்பு உதவி இயக்குநர் ஒருவர் கதை தன்னுடையதோடு ஒத்திருக்கிறது என்று முறையிட்டார். எழுத்தாளர் சங்கத்துக்கு அப்போது தலைவர், நம் கோபிப் பக்கத்து வெள்ளாங்கோயிலிலிருந்து போன கே. பாக்யராஜ். ஒற்றுமை இருக்கிறது என்று அவர் சொன்னார். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய்ச் சமரசத்தில் முடிந்தது. படத்தில் அந்த உதவி இயக்குநரின் பெயரைச் சொல்லி ஒரு நன்றி அட்டை சேர்ந்தது.

ஆகவே டைட்டிலைச் சாசனமாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு துப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு படத்தில் வந்த பெயரைக் கொண்டு எதையும் முடிவு செய்யக்கூடாது. வேறு இயக்குநர்களிடம் வேலை செய்த இரண்டு படங்களில் அதே குணம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்தப் பெயரை நம்பலாம். வேறொருவர் எழுதித் தந்ததைத் தன் பெயரில் போட்டுக்கொண்டவரின் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாது; ஆள் மாறும்போது குரலும் மாறிவிடும். அந்த ஒட்டாமையே காட்டிக்கொடுத்துவிடும். நடைமுறையில் இன்னொரு தொல்லை, பெயர்கள் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. முன்பு கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள் எல்லாப் பெயரும் இருக்கும். இப்போது இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய படங்கள் பலவற்றில் டைட்டிலையே வெட்டிவிடுகிறார்கள். புதிய படங்களில் டைட்டிலைத் தாண்டிப் போகச் சொல்லித் திரையில் ஒரு பொத்தான் எட்டிப் பார்க்கிறது. அதை அழுத்தாமல் இருக்கலாம். விளக்கு, நிழல், வசனம் என்று கவனித்துக்கொண்டிருந்தால் படத்தை எப்போது ரசிப்பது என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. படம் ஓடும்போது எதையும் கவனிக்க வேண்டாம். முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் எது கூடவே வருகிறது என்று மட்டும் பாருங்கள். காட்சியா, பேச்சா, ஓசையா, நடந்த சம்பவமா. எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

இந்த வழிக்கு என் பங்கிலிருந்து கடைசியாக ஒரு வாதம். இயக்குநர் பெயரால் ஒரு துளிகூடப் பயனில்லாத ஒரு வகைப் படம் உண்டு. புதுமுக இயக்குநரின் முதல் படம். 1977 செப்டம்பரில் '16 வயதினிலே' கொட்டகைக்கு வந்தபோது பாரதிராஜா என்ற பெயர் யாருக்கும் எதையும் சொல்லியிருக்காது. ஆனால் அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் முந்தைய ஆண்டு 'மோகினியாட்டம்' எடுத்தவர். இசையமைப்பாளர் முந்தைய ஆண்டு 'அன்னக்கிளி'யில் வந்தவர். இரண்டு பெயரையும் அறிந்த ஒருவர் அன்று இருந்திருந்தால், அவரால் முதல் நாளே துணிந்து டிக்கெட் எடுத்திருக்க முடியும். இன்று இது இன்னும் அவசியப்படுகிறது, ஏனென்றால் வாரா வாரம் புது இயக்குநர்கள் வருகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கத்தில் இதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள், எம்.டி., லோகிததாஸ் காலம் முதலே அங்கே எழுத்தாளர் பெயருக்கு மதிப்பு உண்டு. 2019இல் 'கும்பளங்கி நைட்ஸ்' வந்தது. இயக்குநர் மது சி. நாராயணனுக்கு அதுதான் முதல் படம். எழுதியவர் ஷ்யாம் புஷ்கரன், ஒளிப்பதிவு ஷைஜு காலித். இருவருமே 2016இல் திலீஷ் போத்தனின் 'மகேஷிண்டெ பிரதிகார'த்தில் அதே வேலைகளைச் செய்தவர்கள். அதுவும் போத்தனுக்கு முதல் படம். இரண்டு புது இயக்குநர்கள், எழுத்திலும் கேமராவிலும் அதே இருவர். அடுத்து 2021இல் வந்த 'ஜோஜி'யில் இந்த இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள்; அதை இயக்கியவர் போத்தன். மூன்றையும் பார்க்காதவர்கள் வந்த வரிசையிலேயே பாருங்கள். மூன்றாவது படத்தில் நகைச்சுவை வற்றிப்போய், குடும்பத்துக்குள் இருந்த கசப்பு மட்டும் மிஞ்சி நிற்கிறது. அது எழுத்தாளரின் மாற்றமா, இயக்குநரின் தேர்வா என்ற கேள்விக்கு விடை சொல்ல நடுவிலே இருக்கும் 'கும்பளங்கி நைட்ஸ்' உங்களுக்கு வேண்டியிருக்கும்.